பிரவுசிங் சென்டரில் பாஸ்வேர்டு அடிக்கும் முன்: கீபோர்டு வயரிலிருந்து தொடங்குங்கள்

பாஸ்வேர்டு பெட்டியில் எழுத்துகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன, முகவரிப் பட்டையில் பூட்டுக் குறியும் இருக்கிறது. அதனால் யாரும் பார்க்க முடியாது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். புள்ளி என்பது திரையில் போடும் முகமூடி மட்டும்தான். நீங்கள் அழுத்திய எழுத்து கீபோர்டிலிருந்து வயர் வழியாக சி.பி.யு.வுக்கு மறைப்பு ஏதுமில்லாமல் போகிறது. பூட்டுக் குறி சொல்வதோ, பிரவுசரை விட்டு வெளியே கிளம்பிய பிறகான பயணம் பாதுகாப்பானது என்பதை. விரலுக்கும் பிரவுசருக்கும் இடையில் இருக்கும் அந்த ஒன்றரை மீட்டர் தூரத்தை அது காப்பதில்லை. அழுத்தும் விசைகளைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் கீலாகர் உட்காரும் இடம் அதுதான்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஏற்காட்டில் வீடு. மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்காருகிறாள். சான்றிதழ்களை ஏற்ற வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், படிவத்தைப் பிரிண்ட் எடுக்க வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தில் எது எங்கே கசியும், அதை எப்படி அடைப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

வீட்டிலேயே செய்துவிட வேண்டியவை

கடைக் கணினியில் அடிக்காத பாஸ்வேர்டை எந்தக் கீலாகராலும் பிடிக்க முடியாது. ஆகவே முதல் கேள்வி, எதையெல்லாம் அங்கே அடிக்காமலே வேலையை முடிக்கலாம் என்பதுதான்.

விண்ணப்பக் கணக்கைத் தொடங்குவது, பாஸ்வேர்டு வைப்பது, பெயர் முகவரி நிரப்புவது எல்லாம் ஃபோனிலேயே முடியும். பெரிய திரையும் பிரிண்டரும் தேவைப்படும் வேலைக்கு மட்டும் கடைக்குப் போனால் போதும். சான்றிதழ்கள் மெயிலில் கிடக்கின்றன என்பதற்காகக் கடையில் மெயிலைத் திறக்க வேண்டியதில்லை. ஃபோனிலிருந்தோ வீட்டுக் கணினியிலிருந்தோ அந்த நான்கைந்து கோப்புகளை மட்டும் ஒரு காலி பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். குடும்பப் படங்களும் வங்கி அறிக்கைகளும் இருக்கும் பென்டிரைவைக் கொண்டு போகாதீர்கள். கடையில் செருகிய பென்டிரைவில் வைரஸ் ஏறியிருக்கும் என்றே வைத்துக்கொண்டு, திரும்பி வந்ததும் எதையும் திறந்து பார்க்காமல் ஃபார்மட் செய்துவிடுங்கள்.

தளத்தின் முகவரியை அறிவிப்பிலிருந்து பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அரசுத் தளம் என்றால் `.gov.in` என்றுதான் முடியும் என்று நினைப்பவர்கள் நிறைய. பொறியியல் கலந்தாய்வுத் தளம் `tneaonline.org`. அதில் `gov.in` கிடையாது. அந்த ஒரு விதியை மட்டும் நம்பினால் உண்மையான தளத்தைச் சந்தேகப்படுவோம், போலியை நம்புவோம். சீட்டில் எழுதிய முகவரிதான் உங்கள் அளவுகோல்.

மெயிலைத் திறந்தே ஆக வேண்டும் என்றால், கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை முன்பே போட்டு, அதில் கிடைக்கும் 10 பேக்கப் குறியீடுகளில் ஒன்றிரண்டை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு முறைதான் செல்லும். சிக்னல் இல்லாமல் எஸ்.எம்.எஸ். வராத நேரத்தில் கைகொடுக்கும். பிறகு கீலாகர் நினைவகத்திலிருந்து அதே எண்ணை எடுத்து அடித்தாலும் திறக்காது.

உட்கார்ந்ததும்: வயரைக் கையால் பின்தொடருங்கள்

வன்பொருள் கீலாகர் என்பது கட்டைவிரல் அளவுள்ள ஒரு துண்டு. ஒரு முனை சி.பி.யு.வின் போர்ட்டில் செருகும், மறு முனையில் கீபோர்டு வயர் செருகும். கீபோர்டு அனுப்புவதை அப்படியே கணினிக்குக் கடத்திவிட்டு, போகிற போக்கில் ஒரு பிரதி எடுத்துத் தன் நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். இது மென்பொருள் இல்லை என்பதால் ஆன்டிவைரஸுக்குத் தெரியாது. கணினியின் வேகமும் குறையாது.

அதன் நினைவகம் நிரம்பிவிடாதா என்று கேட்கலாம். ஒரு விசை அழுத்தத்துக்கு ஏறக்குறைய 1 பைட். 1 எம்.பி. என்றால் சுமார் 10 லட்சம் அழுத்தங்கள். ஒரு கணினியில் நாளைக்கு 20,000 அழுத்தம் விழுகிறது என்று வைத்துக்கொண்டால்கூட 1 எம்.பி. நிரம்ப 50 நாள் ஆகும். மின்சாரம் போனாலும் அழியாது. வைத்தவர் எப்போதாவது வந்து கழற்றிப் போவார். வைஃபை உள்ள வகை என்றால் கழற்றவும் வேண்டாம், அருகில் வந்தால் போதும்.

ஆகவே கீபோர்டில் கை வைக்கும் முன், அதன் வயரை விரலால் தடவிக்கொண்டே சி.பி.யு.வின் முதுகு வரை போங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டே பாருங்கள்: “அண்ணா, பின்னாடி வயரு ஒருதடவை பாத்துக்கட்டுங்களா?” இதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. கடைக்குத் தெரியாமல் வாடிக்கையாளராக வந்த யாராவது செருகிவிட்டுப் போயிருக்கவும் கூடும் என்பதால், நல்ல கடைக்காரருக்கும் இது உதவிதான்.

சரியாக இருந்தால் வயரின் நுனியிலுள்ள பிளக் நேராகப் போர்ட்டுக்குள் போயிருக்கும், உலோகப் பகுதி வெளியே தெரியாது. பழைய கணினியில் வட்டமான பிளக் இருக்கலாம். ஊதா நிறம் கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. சந்தேகப்பட வேண்டியது, பிளக்குக்கும் போர்ட்டுக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கூடுதல் துண்டை. பக்கத்துக் கணினிகளையும் ஒரு பார்வை பாருங்கள். பத்து கணினியில் ஒன்றில் மட்டும் அந்தத் துண்டு இருந்தால் அது பேசும் சாட்சி.

ஆனால் நீட்டிக்கொண்டிருப்பதெல்லாம் கீலாகர் இல்லை. வட்டப் பிளக்கை யு.எஸ்.பி.யாக மாற்றும் கன்வெர்ட்டர், வயர் எட்டாததற்குப் போட்ட எக்ஸ்டென்ஷன், பல போர்ட் உள்ள ஹப், வயர்லெஸ் கீபோர்டின் குட்டி ரிசீவர் எல்லாம் அங்கே இருக்கலாம். என்னவென்று புரியாவிட்டால் சண்டை வேண்டாம், வேறு கணினிக்கு மாறுங்கள். நீங்களே பிடுங்கவும் வேண்டாம். பிடுங்கினாலும் உள்ளே பதிவானது அழியாது. உங்கள் கையில் அதோடு நிற்பதும் நல்லதில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இந்தச் சோதனையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கீபோர்டின் வயிற்றுக்குள்ளேயே பொருத்தும் கீலாகர்களும் உண்டு. சி.பி.யு. பெட்டிக்குள் வைப்பதும் முடியும். மர மேஜைக்குள் பூட்டிய சி.பி.யு. என்றால் பின்பக்கத்தைப் பார்க்கவே வழியிருக்காது. வயரில் ஏதாவது இருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். எதுவும் தெரியாததால் கணினி சுத்தம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

திருடனின் கையில் என்ன கிடைக்கும்

இதைப் புரிந்துகொண்டால் மற்ற பழக்கங்களின் காரணம் தானே விளங்கும். பதிவு இப்படித்தான் இருக்கும்:

```
mail.google.com[Enter]
malar@example.com[Enter]
kuyil58[Enter]
```

முகவரி, பெயர், பாஸ்வேர்டு, மூன்றும் அடுத்தடுத்து. யோசிக்க வேண்டியதே இல்லை. ஆனால் இதில் ஒன்று இல்லை. மவுஸை எங்கே நகர்த்தினீர்கள், எந்தப் பெட்டியில் சொடுக்கினீர்கள் என்பது கீபோர்டு வயரில் போகாது. அந்த ஓட்டை நமக்கு உதவும்.

முதல் வழி, திரைக் கீபோர்டு. விண்டோஸில் Start தேடலில் `osk` என்று அடித்தால் வரும். விண்டோஸ் 10, 11 என்றால் Ctrl+Win+O. எழுத்துகளை மவுஸால் சொடுக்குவதால் கீபோர்டு வயரில் ஒன்றும் ஓடாது, வன்பொருள் கீலாகருக்கு வெறுங்கைதான். கணினிக்குள் இருக்கும் மென்பொருள் கீலாகருக்கு இது பொருந்தாது. திரைக் கீபோர்டும் விண்டோஸுக்குள் விசை அழுத்தங்களாகவே சேர்வதால் அது பிடித்துவிடும்.

இன்னொரு சிக்கல் நம் ஊர்க் கடைகளின் அமைப்பிலேயே இருக்கிறது. 2011ஆம் ஆண்டு சைபர் கஃபே விதிகளின்படி தடுப்புகள் தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது, தடுப்பு இல்லாத கணினிகளின் திரை வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். நல்ல நோக்கத்தில் வந்த விதி. ஆனால் பிரிண்டுக்காகப் பின்னால் நிற்பவர், நீங்கள் திரைக் கீபோர்டில் சொடுக்கும் ஒவ்வொரு எழுத்தையும் படிக்கலாம். மூலையை இழுத்துத் திரைக் கீபோர்டைச் சின்னதாக்குங்கள், சுவர் ஓர இருக்கையைக் கேளுங்கள், பின்னால் ஆள் நின்றால் காத்திருங்கள்.

இரண்டாவது வழி, மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த இருவர் 2006இல் எழுதியது. பாஸ்வேர்டின் ஒரு எழுத்தை அடித்ததும், திறந்து வைத்த நோட்பேடில் மவுஸால் சொடுக்கி, மனம் போனபடி சில எழுத்துகளை அடிப்பது. மறுபடி பாஸ்வேர்டு பெட்டியில் சொடுக்கி அடுத்த எழுத்து. `kuyil58` என்ற பாஸ்வேர்டு கீலாகரில் இப்படி விழும்:

```
krt9umwy4bpihhls25kd8
```

இதில் எது பாஸ்வேர்டு, எது குப்பை என்று பார்ப்பவருக்குத் தெரியாது. சாதாரண மென்பொருள் கீலாகரையும் இது குழப்பும். ஆனால் ஒரே பாஸ்வேர்டை அதே கணினியில் இரண்டு மூன்று முறை இப்படி அடித்தால், பதிவுகளைப் பக்கத்தில் வைத்து எல்லாவற்றிலும் ஒரே வரிசையில் வரும் எழுத்துகளைப் பொறுக்கிவிடலாம். ஒரே ஒரு முறைதான் இதற்குப் பலன். திரையைப் படம் பிடிக்கும் மென்பொருளும், பிரவுசருக்குள் எக்ஸ்டென்ஷனாக உட்கார்ந்து பெட்டியில் உள்ளதையே படிக்கும் மென்பொருளும் இதற்கு மசியாது. வேலை முடிந்ததும் நோட்பேடைச் சேமிக்காமல் மூடுங்கள்.

இன்காக்னிட்டோ ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை. அதைத் திறந்து வேலை செய்வது நல்லதுதான். எல்லா இன்காக்னிட்டோ ஜன்னல்களையும் மூடினால் குக்கியும் வரலாறும் போய்விடும். கீலாகரை அது தடுக்காது, இறக்கிய கோப்புகளையும் அழிக்காது.

போலி லாகின்: கேட்பது யார்?

கீலாகருக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் நம்மிடமே நேரில் கேட்டு வாங்குவார்கள். கடைக் கணினியின் டெஸ்க்டாப்பில் ஜிமெயில் என்றோ, வங்கிப் பெயரிலோ ஷார்ட்கட் இருக்கும். அது எங்கே கொண்டுபோகும் என்பது வைத்தவருக்கே தெரியும். புக்மார்க்கும் அப்படித்தான். சீட்டில் உள்ள முகவரியை நீங்களே அடியுங்கள்.

முகவரியைப் படிக்கும் முறை: `https://`க்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டில் நிறுத்தி, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள்.

```
https://accounts.google.com/signin
https://accounts.google.com.login.example/signin
```

முதலாவதில் சாய்கோட்டுக்கு முன் நிற்பது `google.com`. இரண்டாவதில் நிற்பது `login.example`. தொடக்கத்தில் கூகுள் பெயர் இருப்பதற்கு அங்கே மதிப்பே இல்லை. பூட்டுக் குறி இரண்டிலும் வரலாம்.

அடுத்த வகை, பக்கத்துக்குள் வரையப்பட்ட ஜன்னல். “கூகுள் மூலம் நுழைக” என்பதைச் சொடுக்கினால் ஒரு சின்ன ஜன்னல் எழும். அதில் முகவரிப் பட்டை இருக்கும், பூட்டு இருக்கும், முகவரியும் சரியாக இருக்கும். எல்லாம் படம்தான். 2022இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் இதைச் செய்து காட்டிய பிறகு பலரும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். கண்டுபிடிப்பது எளிது. பிரவுசரைக் கொஞ்சம் சிறிதாக்கிவிட்டு, அந்தச் சின்ன ஜன்னலின் தலைப்பகுதியைப் பிடித்துப் பிரவுசரின் விளிம்புக்கு வெளியே இழுங்கள். உண்மையான ஜன்னல் வெளியே வரும். வரைந்த ஜன்னல் விளிம்போடு நின்றுவிடும் அல்லது வெட்டுப்படும்.

மூன்றாவது, திரை முழுக்க நிற்கும் பக்கம். நீலப் பின்னணியில் விண்டோஸ் மாதிரியே பாஸ்வேர்டு கேட்கும். F11 அழுத்திப் பாருங்கள், பிரவுசரின் பட்டைகள் தலைகாட்டினால் அது வெறும் இணையப் பக்கம். இதைவிட உறுதியானது Ctrl+Alt+Del. இந்த மூன்று விசையையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸே நேரடியாகப் பதில் சொல்லும்படி வைத்திருக்கிறார்கள், சாதாரண நிரலோ இணையப் பக்கமோ குறுக்கே வர முடியாது. எதிரே இருந்தது போலி என்றால் அதன் மேல் விண்டோஸின் உண்மையான திரை வந்து நிற்கும். Esc அழுத்தித் திரும்பலாம். எப்படியானாலும் கடைக் கணினியின் விண்டோஸ் உங்கள் மெயில் பாஸ்வேர்டைக் கேட்க எந்த நியாயமும் இல்லை. கேட்டால் எழுந்துவிடுங்கள்.

சரியாக அடித்த பாஸ்வேர்டை முதல் முறை “தவறு” என்று சொல்லி, இரண்டாம் முறை ஏற்றுக்கொண்டதா? அதையும் கவனியுங்கள். போலிப் பக்கம் முதல் முறை வாங்கிக்கொண்டு உங்களை உண்மையான பக்கத்துக்குத் தள்ளிவிடும் பழைய வித்தை அது. நீங்களே தப்பாக அடித்திருக்கவும் வாய்ப்புண்டு. சந்தேகம் வந்தால் முதல் முறை அடித்தது போய்விட்டதாகவே கணக்கு வையுங்கள்.

போலிப் பக்கத்தின் முன் ஓ.டி.பி.யும் பேக்கப் குறியீடும் காப்பாற்றாது என்பதை மறக்க வேண்டாம். பிறகு எடுத்துப் பார்க்கும் கீலாகருக்கு அந்த எண் செத்த எண். போலிப் பக்கத்துக்குப் பின்னால் இருப்பவரோ அதே நிமிடத்தில் உண்மையான தளத்தில் அடித்துவிடுவார். எண்ணை அடிக்கும் முன் முகவரியை இன்னொரு முறை இடப்பக்கமாகப் படிப்பது அதனால்தான்.

கட்டணம்

கார்டின் 16 இலக்கங்களையும் பின்பக்கத்து 3 இலக்கங்களையும் கடைக் கீபோர்டில் அடிக்கவே வேண்டாம். ஓ.டி.பி. காப்பாற்றும் என்று சொல்வார்கள். வெளிநாட்டுத் தளங்கள் சில ஓ.டி.பி. கேட்காமலே கார்டை ஏற்றுக்கொள்ளும். வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வைப்பது இதற்காகவும்தான்.

கட்டணப் பக்கத்தில் யு.பி.ஐ. கியூ.ஆர். வந்தால் உங்கள் ஃபோனால் ஸ்கேன் செய்து, யாருக்குப் போகிறது, எவ்வளவு என்பதை ஃபோன் திரையில் படித்துவிட்டுக் கட்டுங்கள். யு.பி.ஐ. பின் எண்ணை ஃபோனிலுள்ள செயலியில் மட்டுமே அடிக்க வேண்டும். கடைக் கணினியின் திரையில் அதைக் கேட்கும் பெட்டி எதுவாக இருந்தாலும் போலி.

எழும் முன்பும், மலை ஏறும் முன்பும்

நம் மாணவிக்குப் பிரிண்ட் கையில் வந்துவிட்டது. தளத்தில் லாக் அவுட் செய்கிறாள். ஜன்னலை மூடுவது லாக் அவுட் ஆகாது. Downloads கோப்புறையில் இறங்கிய படிவத்தையும், கடைக்காரர் வசதிக்காக டெஸ்க்டாப்பில் போட்ட மதிப்பெண் சான்றிதழையும் Shift+Delete கொடுத்து நீக்குகிறாள். Win+V அழுத்திப் பார்க்கிறாள். காப்பி செய்தவை அங்கே வரிசையாக நின்றால் அழிக்கிறாள். வாட்ஸாப் வெப் திறந்திருந்தால் தன் ஃபோனில் Linked devices போய் அந்தக் கணினியை நீக்குகிறாள். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்து, கடையில் அடித்த பாஸ்வேர்டை ஃபோனிலிருந்து மாற்றுவது. இதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது. மலைப் பேருந்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். பேருந்து கிளம்பும் முன், கடை வைஃபையை விட்டுத் தன் மொபைல் டேட்டாவில் மாற்றிவிட வேண்டும். அதே பாஸ்வேர்டு வேறு கணக்குகளிலும் இருந்தால் அங்கேயும். கூகுள் கணக்கு என்றால் `myaccount.google.com` போய், Security பகுதியில் Your devices என்ற பட்டியலைத் திறந்து, கடைக் கணினி இன்னும் நின்றால் Sign out கொடுக்க வேண்டும். மெயில் அமைப்பில் Forwarding பகுதியையும் பாருங்கள். உள்ளே நுழைந்தவர் உங்கள் மெயிலின் பிரதி தன் முகவரிக்குப் போகும்படி வைத்துவிட்டால், பாஸ்வேர்டு மாற்றிய பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் அழையுங்கள், `cybercrime.gov.in` தளத்திலும் புகாரைப் பதியுங்கள். கணினி எண், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் மூன்றையும் பிரிண்டின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தால் அப்போது கேட்பதற்குப் பதில் இருக்கும். அதே 2011 விதிகளின்படி யார் எந்த நேரத்தில் வந்தார்கள் என்ற பதிவேட்டைக் கடை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். உங்கள் குறிப்பை அந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டால், உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் யார் யார் இருந்தார்கள் என்பதை விசாரிப்பவர் கண்டுபிடிக்கலாம்.